நாலு மாத்திரைக் கடன்

“எனக்கும் இனிப்பு நீர், எட்டாம் மாடி அக்காவுக்கும் இனிப்பு நீர். ரெண்டு பேரும் சாப்பிடறது அதே மாத்திரைதான். எனக்குத் தீர்ந்துபோனா அவங்க நாலு கொடுப்பாங்க, அவங்களுக்குத் தீர்ந்தா நான் கொடுப்பேன். இதுல என்னங்க ஆபத்து?”

அந்த நாலு மாத்திரையையும் இந்த மேசை மேல் வைத்துப் பார்த்துவிடுவோம், அக்கா. பிறையில் இந்த பிளாட் மட்டுமில்லை, பினாங்கில் எந்த பிளாட்டில் கேட்டாலும் இனிப்பு நீர் மாத்திரைக்கு ரெண்டே பேர்தான்: ‘பெரிய வெள்ளை’, ‘சின்ன வெள்ளை’. பெரும்பாலும் பெரியது மெட்ஃபார்மின், சின்னது கிளிக்லசைட். ரெண்டும் வேலை செய்யும் விதமே வேறு. மெட்ஃபார்மின் ஈரல் சர்க்கரையை வெளியே விடுவதைக் குறைக்கும். அது கணையத்தைப் பிடித்துத் தள்ளாது, அதனால் அதை மட்டும் சாப்பிடுகிறவருக்குச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்குவது அபூர்வம். கிளிக்லசைட் அப்படியில்லை. அது கணையத்தை நேராகத் தட்டி இன்சுலினைக் கக்க வைக்கும். ரத்தத்தில் சர்க்கரை கூடியிருக்கிறதா, இறங்கிவிட்டதா, நீங்கள் சாப்பிட்டீர்களா, பட்டினியா என்று அது பார்ப்பதில்லை. குழாயைத் திறந்துவிட்டு, மூட முடியாதபடி கயிறு போட்டுக் கட்டியது போல. மருந்துக் கடை வைத்திருக்கிற நான் இன்று சொல்லப்போவது முக்கியமாக இந்தச் சின்ன வெள்ளையைப் பற்றித்தான்.

சின்ன வெள்ளையிலும் ரெண்டு வகை உண்டு. கடன் வாங்குகிறவர்கள் விழுகிற குழி அங்கேதான். ஒன்று சாதாரண கிளிக்லசைட், 80 மில்லிகிராம். இன்னொன்று எம்.ஆர். என்று அட்டையில் போட்டிருக்கும், 30 அல்லது 60 மில்லிகிராம். எம்.ஆர். என்றால் மருந்தை மெதுவாக, நாள் முழுக்கக் கசிய விடுகிற மாத்திரை. நம் கண் எண்ணைத்தான் பார்க்கும். 80-ஐ விட 60 சின்னது, அப்படியானால் 60 கொஞ்சம் லேசான மாத்திரை என்று யாருக்கும் தோன்றும். உண்மை தலைகீழ். சாதாரண 80-க்குச் சமமானது எம்.ஆர். 30. அப்படியானால் எம்.ஆர். 60 ஒன்று, சாதாரண 80 ரெண்டுக்குச் சமம்.

இப்போது கணக்குப் போடுவோம். இது யாருடைய கதையும் இல்லை, எண்ணை வைத்துப் பார்க்க ஒரு உதாரணம். ஏழாம் மாடியில் இருப்பவருக்கு 66 வயது. டாக்டர் எழுதியது சாதாரண 80-ல் காலையில் பாதி, இரவில் பாதி. ஒரு நாளைக்கு மொத்தம் 80. எட்டாம் மாடியில் இருப்பவருக்கு 52 வயது, பதினைந்து வருஷமாக இனிப்பு நீர், நல்ல உடம்பு, நன்றாகச் சாப்பிடுகிறவர். அவருக்கு எம்.ஆர். 60-ல் காலையில் ரெண்டு. ஏழாம் மாடிக்கு மாத்திரை தீர்ந்துவிட்டது. மேலிருந்து நாலு மாத்திரை இறங்கி வருகிறது. கூடவே ஒரு வார்த்தையும் வருகிறது: “காலையில ரெண்டு போடுங்க, நான் அப்படித்தான் போடறேன்.”

ரெண்டு எம்.ஆர். 60 என்றால் 120. சாதாரண மாத்திரைக் கணக்கில் அது 320. நாளுக்கு 80 சாப்பிட்ட உடம்புக்குள் ஒரே வாயில் 320 போகிறது. நாலு மடங்கு. அந்த 320 என்பதும் சும்மா ஒரு எண் இல்லை, சாதாரண கிளிக்லசைட் ஒரு நாளைக்கு எவ்வளவு வரை கொடுக்கலாம் என்பதன் உச்ச வரம்பு. எட்டாம் மாடி அக்கா அந்த அளவுக்கு வந்தது ஒரே நாளில் இல்லை. வருஷக் கணக்கில் டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாக, ரத்தம் பார்த்துப் பார்த்து ஏற்றியிருப்பார்.

காலை ஏழு மணிக்கு ஒரு ரொட்டி சானாயும் தே தாரெயும் சாப்பிட்டு ரெண்டு மாத்திரையையும் விழுங்குகிறார் என்று வையுங்கள். பத்து மணிக்கு ஒன்றுமே தெரியாது. “பார்த்தீங்களா, நல்லாத்தானே இருக்கேன்” என்பார். எம்.ஆர். மாத்திரையின் குணம் அது. ரத்தத்தில் அதன் அளவு ஆறு மணி நேரம் ஏறிக்கொண்டே போகும். மதியம் ஒரு மணியிலிருந்து இரவு ஏழு மணி வரை அந்த உச்சத்திலேயே நிற்கும். அதன் பிறகு பாதியாகக் குறையவே 12 முதல் 20 மணி நேரம் பிடிக்கும். மதியம் சோறு சாப்பிட்டதால் சமாளித்துவிடுகிறார். மாலையில் பசி பிறாண்டுகிறது, ரெண்டு பிஸ்கட். இரவு வழக்கம்போல ஒரு சப்பாத்தி, கொஞ்சம் காய், பத்து மணிக்குப் படுக்கை. ராத்திரி முழுக்க வயிற்றில் ஒன்றுமில்லை, கணையத்தின் குழாய் மட்டும் திறந்தே இருக்கிறது. அப்படியே தட்டித் தடுமாறி விடிந்துவிட்டாலும், மறுநாள் காலை ஏழு மணிக்கு மீதி ரெண்டு மாத்திரையும் உள்ளே போகிறது, முதல் நாள் மருந்து முழுசாக வடியாத உடம்பில். ரெண்டாம் நாள் ராத்திரிதான் எனக்குப் பயம்.

சர்க்கரை இறங்கும்போது உடம்பு முதலில் மணி அடிக்கும். குளிர்ந்த வியர்வை, கை நடுக்கம், நெஞ்சு படபடப்பு, அடக்க முடியாத பசி. விழித்திருந்தால் உட்கார்ந்து எதையாவது வாயில் போட்டுக்கொள்வோம். தூக்கத்தில் அந்த மணி கேட்காது. காலையில் தலையணை உறையும் நைட்டியும் நனைந்திருப்பது, கெட்ட கனவு, எழுந்ததும் மண்டை வலி, இவைதான் தடயம். ரத்தக் கொதிப்புக்கோ இதயத்துக்கோ பிசோப்ரோலால், அட்டினோலால் மாதிரி மாத்திரை சாப்பிடுகிறவருக்கு விழித்திருந்தாலும் நடுக்கமும் படபடப்பும் தெரியாமல் அமுங்கிவிடும். வியர்வை ஒன்றுதான் மிஞ்சும். நம் ஊர்ச் சூட்டில் வியர்வையை யார் கவனிப்பார்கள்?

மீட்டரில் 3.9-க்குக் கீழே போனால் அது தாழ் சர்க்கரை. 3-க்குக் கீழே போனால் மூளைக்கே சாப்பாடு இல்லை. அப்போது காரணமில்லாமல் எரிந்து விழுவார், நாக்கு குழறும், குடித்தவர் மாதிரி நடப்பார், கூப்பிட்டால் திருதிருவென்று விழிப்பார். சிலருக்கு ஒரு பக்கக் கை கால் விழுந்துவிடும், வீட்டில் பக்கவாதம் என்றே நினைத்துவிடுவார்கள். விரலில் குத்திப் பார்த்தால் 1.8 என்று காட்டும். ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன், நான் சொல்கிற எண்ணெல்லாம் நம் ஊர் மீட்டர் காட்டுகிற எண். தமிழ்நாட்டிலிருந்து வாட்ஸ்அப்பில் வருகிற 70, 140 கணக்கு வேறு. நம் எண்ணை 18-ஆல் பெருக்கினால் அவர்கள் எண் வரும். அங்கே 70 என்பதுதான் இங்கே 3.9. ரெண்டையும் குழப்பிக்கொண்டு “எனக்கு ஆறுதான் இருக்கு, ரொம்பக் கம்மி” என்று பயந்து சர்க்கரைத் தண்ணி குடிக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

இதுவரை சொன்னது ரெண்டு பேருக்கும் இனிப்பு நீர் இருக்கும்போது. இனிப்பு நீரே இல்லாதவருக்கு இந்த மாத்திரையைக் கொடுத்தால் இன்னும் மோசம். அதற்கும் இந்த மாடிகளில் ஒரு வழி திறந்தே கிடக்கிறது, குளுக்கோமீட்டர். ஒரு வீட்டில் மீட்டர் வாங்கினால் ஆசைக்கு எல்லோரும் விரலை நீட்டுவோம். பாட்டி ஒருவர் மாம்பழம் நறுக்கிக்கொண்டிருந்தவர், கையை முந்தானையில் துடைத்துவிட்டு விரலை நீட்டுகிறார். மீட்டர் 13 காட்டுகிறது. “அய்யோ, பாட்டிக்குச் சர்க்கரை!” அந்த 13-ல் பாதி பாட்டியின் ரத்தத்தில் இல்லை, விரல் நுனியில் காய்ந்திருந்த மாம்பழச் சாற்றில் இருக்கிறது. மீட்டருக்குப் போவது கடுகளவு ரத்தம். அதில் துளி இனிப்பு கலந்தாலே எண் தாவிவிடும். சோப்பு போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, வேறு விரலில் குத்தினால் 6.4 வரக்கூடும். கேசரி, லட்டு, ரம்புத்தான், எதைத் தொட்ட கையாக இருந்தாலும் இதே கதைதான். ஸ்பிரிட் பஞ்சு இதற்குப் போதாது, தண்ணீரும் சோப்பும் வேண்டும்.

ஆனால் யாரும் ரெண்டாவது தடவை குத்துவதில்லை. நல்ல மனசோடு ஒரு சின்ன வெள்ளையை எடுத்துக் கொடுத்துவிடுகிறோம். பாட்டியின் கணையம் பழுதில்லாத கணையம். பல வருஷம் இனிப்பு நீரோடு இருப்பவரின் கணையம் களைத்துப்போனது, தட்டினாலும் கொஞ்சம்தான் சுரக்கும். பாட்டியுடையது தட்டினால் கொட்டும். இங்கே இன்னொரு சிக்கலையும் பாருங்கள். சர்க்கரை இறங்கி மயக்கம் வருகிறது, நாம் சர்க்கரைத் தண்ணி கொடுக்கிறோம், பாட்டி எழுந்து உட்காருகிறார். எல்லோரும் பெருமூச்சு விடுகிறோம். அந்தச் சர்க்கரையே நல்ல கணையத்துக்கு இன்னொரு அழைப்பு, “சர்க்கரை வந்திருக்கிறது, இன்சுலினை அனுப்பு” என்று. மாத்திரை ஏற்கெனவே குழாயைத் திறந்து வைத்திருக்கிறது. ஒரு மணி, ரெண்டு மணி நேரத்தில் சர்க்கரை மறுபடியும் விழுகிறது, சில சமயம் முதல் தடவையை விட ஆழமாக. ஆஸ்பத்திரியில் நரம்பில் குளுக்கோஸ் ஏற்றும்போதும் இதே ஏற்ற இறக்கம் நடக்கும். அதனால்தான் அங்கே ஆக்ட்ரியோடைட் என்ற ஊசியும் போடுவார்கள். கணையத்தின் குழாயை மூடுகிற மருந்து அது. வீட்டில் அதற்கு மாற்று எதுவும் இல்லை.

இது நம் பக்கத்து நாட்டிலேயே பெரிய அளவில் நடந்தது. சிங்கப்பூரில் 2008-ஆம் வருஷம் ஜனவரிக்கும் மே மாதத்துக்கும் இடையில், இனிப்பு நீர் இல்லாத 150 பேர் கடுமையான தாழ் சர்க்கரையோடு அரசு ஆஸ்பத்திரிகளுக்கு வந்தார்கள். கள்ளத்தனமாக விற்ற ஆண்மை மருந்துகளில் கிளிபென்கிளமைட் கலந்திருந்தது தெரியவந்தது. சின்ன வெள்ளையின் மூத்த அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள், கிளிக்லசைட் குடும்பத்துப் பழைய மருந்து. ஏழு பேர் மூளைக்குச் சர்க்கரை போகாமல் நீண்ட கோமாவில் விழுந்தார்கள், அவர்களில் நாலு பேர் இறந்தார்கள். அவர்கள் தெரியாமல் விழுங்கினார்கள், நாம் தெரிந்தே கொடுக்கிறோம். உள்ளே போன பிறகு கணையத்துக்கு இந்த வித்தியாசம் தெரியாது.

அந்த மூத்த அண்ணன் இன்னும் நம் அலமாரிகளில் இருக்கிறார். தாத்தா தவறிய பிறகும் அவருடைய மருந்துப் பையை யாரும் தூக்கிப் போட மனம் வராமல் வைத்திருப்போம், அதில் கிளிபென்கிளமைட் 5 மில்லிகிராம் அட்டை ரெண்டு இருக்கும். இந்த மருந்து ஈரலில் உடைந்த பிறகும் அந்தத் துண்டுகளுக்கு வேலை செய்கிற சக்தி உண்டு. அவை வெளியேறுவதற்குச் சிறுநீரகம் நன்றாக இருக்க வேண்டும். வயதானவரின் உடம்பில் அது ரெண்டு மூன்று நாள் கூடத் தங்கிச் சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கலாம். 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இது ஏற்றதல்ல என்று உலகச் சுகாதார நிறுவனமே தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் குறித்து வைத்திருக்கிறது. அந்தப் பையிலிருந்து எடுத்து யாருக்குக் கொடுப்போம்? இன்னொரு வயதானவருக்குத்தான்.

குழந்தைகளைப் பற்றி ஒரே வரி. பாட்டியின் மாத்திரை ஒன்றே ஒன்று மூன்று வயதுப் பேரன் வாயில் போனாலும், அந்த நிமிஷம் அவன் விளையாடிக்கொண்டிருந்தாலும், ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். சர்க்கரை பல மணி நேரம் கழித்துக்கூட விழலாம்.

இனி முழங்கால் வலி மாத்திரை. இதற்கும் இனிப்பு நீருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நம் மாடிகளில் மிக அதிகமாகக் கைமாறுகிற மாத்திரை இதுதான். டைக்ளோஃபெனாக், மெஃபனாமிக் ஆசிட், பல் வலிக்குக் கிளினிக்கில் கொடுத்தது மிச்சம் இருக்கும், “ரெண்டு போட்டா வலி ஓடிப்போயிடும்” என்று எடுத்துக் கொடுப்போம். வாங்குகிறவர் இனிப்பு நீரும் ரத்தக் கொதிப்பும் உள்ளவராக இருந்தால், அவர் ஏற்கெனவே பெரிண்டோப்ரில் மாதிரி ஒரு கொதிப்பு மாத்திரையும், சிறுநீரைக் கூடுதலாகப் போகவைக்கிற ‘தண்ணி மாத்திரை’யும் சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம். சிறுநீரகத்துக்குள் ரத்தம் வடிகட்டுகிற சின்னச் சின்ன உருண்டைகள் இருக்கின்றன. ரத்தம் உள்ளே வர ஒரு குழாய், வெளியே போக ஒரு குழாய். தண்ணி மாத்திரை மொத்த ரத்த ஓட்டத்தையே கொஞ்சம் குறைக்கும். பெரிண்டோப்ரில் வெளியேறுகிற குழாயை அகலமாக்கும். இந்த ரெண்டையும் சேர்த்துக் கொடுக்கும்போது டாக்டர் ரத்தம் எடுத்துச் சிறுநீரகத்தைப் பார்த்துக்கொண்டேதான் கொடுக்கிறார். வலி மாத்திரை வந்து உள்ளே வருகிற குழாயைச் சுருக்குகிறது. இப்போது வடிகட்டியில் அழுத்தமே இல்லை, வடிவது நின்றுபோகிறது.

வெளியே பார்த்தால் என்ன தெரியும்? நாலைந்து நாளில் சிறுநீர் குறையும், கணுக்கால் வீங்கும், ரெண்டு நாளில் ரெண்டு கிலோ எடை ஏறும். வலி என்னவோ குறைந்திருக்கும், அதனால் மாத்திரையை நிறுத்தத் தோன்றாது. கூடவே வாந்தி பேதி என்று ஏதாவது வந்து உடம்பில் நீர் வற்றினால் எல்லாம் வேகமாக நடக்கும். இதில் இனிப்பு நீர்க்காரருக்கு இரட்டை அடி. மெட்ஃபார்மின் உடம்பை விட்டு வெளியேற சிறுநீரகம் ஒன்றுதான் வழி, அந்த வழி அடைபட்டால் அது சேர்ந்து ரத்தத்தைப் புளிக்க வைக்கலாம். இன்சுலினையும் ஓரளவு சிறுநீரகம்தான் அகற்றுகிறது, அதனால் ரத்தத்தில் இன்சுலின் கூடுதல் நேரம் நிற்கும். வருஷக் கணக்காக ஒத்துப்போன தன் சொந்தச் சின்ன வெள்ளையே அன்றைக்குக் கூடுதலாகிவிடும். அவர் தன் மருந்தில் ஒரு தப்பும் செய்யவில்லை. பக்கத்து வீட்டு வலி மாத்திரை அவருடைய சரியான அளவைத் தப்பான அளவாக்கிவிட்டது. முட்டி வலிக்கு இப்படிப்பட்டவர் பாரசிட்டமோல் 500 மில்லிகிராம் ஒன்றோ ரெண்டோ போடலாம், ஆறு மணி நேர இடைவெளி விட்டு, ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் போகாமல். மெலிந்தவரும் ஈரல் கோளாறு உள்ளவரும் அதற்கும் குறைவாக, கேட்டுவிட்டுத்தான்.

அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டிக் கொடுக்கிற பழக்கத்தையும் பார்த்துவிடுவோம். மருந்தின் பெயர் பத்து மாத்திரைக்கும் நடுவே நீளமாக அச்சாகியிருக்கும். நாலு மாத்திரையை வெட்டினால் ‘சைட் 60’ என்று வால் மட்டும் மிஞ்சும், எம்.ஆர். என்ற எழுத்து இன்னொரு துண்டோடு போய்விடும். காலாவதித் தேதி அட்டையின் ஒரு ஓரத்தில் மட்டும்தான் இருக்கும், அதுவும் போச்சு. நிறத்தையும் வடிவத்தையும் வைத்து அடையாளம் சொல்கிறவர்களுக்கு ஒன்று, அரசு கிளினிக்கில் ஒரே மருந்தே வேறு கம்பெனியிலிருந்து வந்தால் நிறமும் அளவும் மாறிவிடும். போன மாசத்துச் சின்ன வெள்ளை இந்த மாசம் பெரிதாக வரலாம். மருந்து உறையில் பெயர் தவிர ‘உபாட் தெர்க்காவால்’, அதாவது கட்டுப்பாட்டு மருந்து, என்று அச்சிட்டிருப்பதும் சும்மா இல்லை. 1952-ஆம் ஆண்டு நச்சுப் பொருள் சட்டத்தில் கிளிக்லசைட் மாதிரி மருந்தெல்லாம் ‘பி’ பிரிவில் வருகின்றன. டாக்டர் சீட்டு இல்லாமல் என் கடையிலேயே நான் உங்களுக்குக் கொடுக்க முடியாது. படித்துப் பட்டயம் மாட்டியிருக்கிற எனக்கே அந்த அனுமதி இல்லை.

சரி, மாத்திரை நிஜமாகவே தீர்ந்துவிட்டது, அடுத்த வாரம்தான் கிளினிக் தேதி. என்ன செய்வது? மாத்திரை மட்டும் சாப்பிடுகிறவராக இருந்தால், ரெண்டு நாள் சின்ன வெள்ளை இல்லாமல் சர்க்கரை 12, 13 என்று ஏறி நிற்பது நல்லதில்லை. ஆனால் அடுத்தவர் மாத்திரையில் 1.8-க்கு இறங்குவதோடு அதை ஒப்பிடவே முடியாது. ஏறின சர்க்கரையை இறக்க நேரம் இருக்கிறது, இறங்கின சர்க்கரைக்கு நிமிஷக் கணக்கு. அந்த ரெண்டு நாளில் இனிப்புத் தண்ணியை நிறுத்துங்கள், தே ஓவைச் சர்க்கரை இல்லாமல் குடியுங்கள், வெறும் தண்ணீர் நிறையக் குடியுங்கள். தேதி வரவில்லை என்று காத்திருக்காதீர்கள். மருந்துச் சீட்டையும் காலியான அட்டையையும் எடுத்துக்கொண்டு கிளினிக் கெசிஹத்தானுக்குப் போங்கள். தேதிக்கு முன்னால் தீர்ந்தது ஏன் என்றும் அங்கே பார்ப்பார்கள், பல சமயம் ஒரு வேளை அதிகமாகப் போட்டுக்கொண்டிருப்பது அப்போதுதான் வெளியே வரும். செல்லுபடியாகிற சீட்டு கையில் இருந்தால் வெளிக்கடையிலும் நாலைந்து நாளுக்கு மட்டும் வாங்கலாம், விலை பெரிதாக இராது. மருந்து கையில் வந்த பிறகு விட்டுப்போனதற்குச் சேர்த்து ரெண்டாகப் போடாதீர்கள். இன்சுலின் ஊசி போடுகிறவர்களுக்கு இந்தப் பொறுமை பொருந்தாது, அவர்கள் அன்றே போக வேண்டும். சர்க்கரை ஏறியிருக்கும்போது வாந்தியும் அசதியும் மூச்சு வாங்கலும் சேர்ந்து வந்தால் யாராக இருந்தாலும் நேரே அவசரப் பிரிவுக்குத்தான்.

வீட்டில் மிச்சம் கிடப்பதைப் பற்றியும் கேட்பீர்கள். டாக்டர் மாற்றிவிட்ட மாத்திரை, தவறியவர்களின் பை, பாதி சாப்பிட்ட ஆன்டிபயாடிக், எல்லாவற்றையும் அரசு ஆஸ்பத்திரி, கிளினிக் ஃபார்மசி கவுன்டரில் திருப்பிக் கொடுக்கலாம், காசு கேட்க மாட்டார்கள். கழிப்பறையில் கொட்டாதீர்கள். அட்டை அட்டையாகக் கையில் இருக்கும்வரை “ஒரு ஆபத்துக்கு உதவும்” என்ற எண்ணம் போகாது. கடன் தொடங்குவதே அங்கேதான்.

ஒருவர் ஏற்கெனவே அடுத்தவர் மாத்திரையைப் போட்டுவிட்டார் என்றால் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன். விழித்திருக்கிறார், விழுங்க முடிகிறது, ஆனால் வியர்க்கிறது, மீட்டரில் 3.9-க்குக் கீழே. உடனே 15 கிராம் சர்க்கரை உள்ளே போக வேண்டும். மூன்று டீஸ்பூன் சர்க்கரையை அரை கிளாஸ் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், அல்லது ஒரு மேசைக்கரண்டி தேன், அல்லது சாதாரண கோலா அரை டின். ‘சுகர் ஃப்ரீ’ டின் கூடாது, அதில் சர்க்கரையே இல்லை. சாக்லேட்டும் பாலூற்றிய மைலோவும் அவசரத்துக்கு ஆகாது, கொழுப்பு இருப்பதால் மெதுவாகத்தான் ஏறும். அகார்போஸ் சாப்பிடுகிறவருக்கு வீட்டுச் சர்க்கரையும் சரியாக வேலை செய்யாது, அந்த மாத்திரை சர்க்கரையை உடையவிடாது. அவருக்குக் குளுக்கோஸ் பவுடர் வேண்டும். பதினைந்து நிமிஷம் கழித்து மறுபடி குத்துங்கள், ஏறாவிட்டால் மறுபடி அதே அளவு. 4-க்கு மேல் வந்ததும் சோறோ ரொட்டியோ கொடுங்கள், அதோடு கிளப்பி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். சின்ன வெள்ளை விஷயத்தில் ‘இப்ப சரியாயிடுச்சு’ என்பதை நம்பக் கூடாது, ஏன் என்று மேலே சொல்லிவிட்டேன். மயங்கிக் கிடந்தால் வாயில் ஒன்றும் ஊற்றாதீர்கள், சர்க்கரையைக்கூட. மூச்சுக் குழாயில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 999-ஐ அழையுங்கள்.

இன்னும் ஒன்றும் ஆகவில்லை, போட்டது மட்டும் தெரியும் என்றால், நம் பினாங்கிலேயே யு.எஸ்.எம். வளாகத்தில் தேசிய நச்சு மையம் இருக்கிறது, இலவச எண் 1-800-88-8099. எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம், எத்தனை மணிக்கு, போட்டவரின் வயது, அவருடைய சொந்த மருந்துகள் என்ன என்று கேட்பார்கள். பதில் கிடைக்கவில்லை என்றால் அதற்காகக் காத்திராமல் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். போகும்போது வெட்டிய துண்டு மட்டும் போதாது, கொடுத்தவர் வீட்டில் இருக்கிற மீதி அட்டையையும் உறையோடு வாங்கிக் கையில் கொண்டுபோங்கள். அதில் 80 என்றிருக்கிறதா, எம்.ஆர். 60 என்றிருக்கிறதா, கிளிபென்கிளமைட் என்றிருக்கிறதா என்பதைப் பார்த்துத்தான் எத்தனை மணி நேரம் கட்டிலில் வைத்துக் காவல் காப்பது என்று அங்கே தீர்மானிப்பார்கள்.